விழ வேண்டிய தடைகள்

விளையாட்டு மானியம் வந்தால் எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு பெட்டி வரும். கேரம் போர்டு, செஸ், ஸ்கிப்பிங் கயிறு, நாலு பிளாஸ்டிக் வளையம். கொண்டு வரும் பெட்டிக்காரர் பில்லையும் கூடவே நீட்டுவார். உடற்கல்வி ஆசிரியை ஈஸ்வரி, அதாவது நான், இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போன வருடம்வரை போட்டேன். இந்த வருடம் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

"இன்னா டீச்சர், பொட்டி வந்தா பேஜாரு இல்லாம முடிஞ்சிடும்ல?" என்று சிரித்தார் தலைமை ஆசிரியர் பூவராகவன்.

"எனக்குப் பொட்டி வாணாம் சார். மோனிகாவுக்குத் தடை வேணும்."

மோனிகா ஒன்பதாம் வகுப்பு. போன வருடம் குறுவட்டப் போட்டியில் தடை ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். நிஜமான தடையை அவள் வாழ்க்கையில் முதலில் பார்த்ததே அன்றைக்குத்தான். இங்கே வகுப்பறை பெஞ்சைப் போட்டுத் தாண்டிப் பழகியவள். பெஞ்சு இடித்து இடித்து இரண்டு கணுக்காலுக்கு மேலேயும் தழும்பு. அந்தப் பிள்ளைக்கு இந்த முறையும் பெஞ்சைப் போட்டால் எனக்குச் சோறு இறங்காது.

பள்ளி மேலாண்மைக் குழு கூடியபோது என் திட்டத்தைச் சொன்னேன். கிழிந்த வாலிபால் வலையைத் தைக்கலாம். இரண்டு கால்பந்துக்கு உள்ளே பிளாடர் மாற்றினால் போதும், தோல் நன்றாகவே இருக்கிறது. எறிகிற குண்டும் வட்டும் பக்கத்துப் பள்ளியில் சும்மாதான் கிடக்கின்றன, போட்டி முடியும்வரை கடன் கேட்கலாம். பந்தயத்துக்குப் பத்துத் தடை வேண்டும், பழகுவதற்கு நாலு போதும். அந்த நாலை மட்டும் புதிதாக வாங்குவோம்.

விலையைக் கேட்டதும் பூவராகவன் சார் முகம் கோணியது. மோனிகாவின் அப்பா தாவீது எழுந்தார். தொழிற்பேட்டையில் ஓர் இரும்புப் பட்டறையில் வெல்டர்.

"நாலு பைப்புக்கு இவ்ளோ துட்டா? எங்க கம்பெனில துண்டு பைப்பு கெடக்குது மிஸ். மொதலாளிகிட்ட கேட்டுக்கினு நானே அடிச்சித் தரேன்."

சாருக்கு வாயெல்லாம் பல். செலவுப் பட்டியலில் தடைக்கான வரியை அங்கேயே அடித்துவிட்டு, ஜெர்சி என்று எழுதினார். ஆண்டு விழாவில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுக்கலாமாம். எனக்குத் தடை வந்தால் சரி. படம் வரைந்து, உயரம் அகலம் போட்டுத் தாவீதிடம் கொடுத்தேன்.

அடுத்த வாரம் குட்டி யானை லோடு வண்டியில் நாலும் வந்து இறங்கின. மஞ்சள் பெயிண்ட், பளபளவென்று. பார்த்ததும் கண் நிறைந்தது. கிட்டே போய் மேல் குழாயைத் தள்ளினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். ம்ஹூம்.

"லாரி ஏறினாலும் ஒடையாது மிஸ்!" என்றார் தாவீது. "படத்துல ஒரு பக்கந்தான் காலு போட்டிருந்தீங்க. மறந்துட்டீங்க போலன்னு ரெண்டு பக்கமும் வெச்சிட்டேன். ஸ்ட்ராங்கா நிக்கும்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அதாண்ணா தப்பு! இது நிக்கக் கூடாது. புள்ள முட்டி பட்டா முன்னாடி சாய்ஞ்சி விழணும். அதுக்குத்தான் ஓடி வர்ற பக்கம் மட்டும் காலு. மேல இருக்கறதும் மரமா இருக்கணும். நீங்க இரும்பையே வெச்சிருக்கீங்க."

அவர் முகம் சுருங்கிப் போனது. நாள் முழுக்க வெல்டிங் நெருப்புக்கு முன்னால் நின்றுவிட்டு, ஷிப்டு முடிந்தபிறகு செய்த வேலை. ஆனால் அவர் மனம் நோகக் கூடாது என்று அவர் பெண்ணின் காலை ஒடிக்க முடியுமா?

"சும்மா கெடச்சதுல நொட்டை சொல்லாதீங்க டீச்சர்," என்றார் பூவராகவன் சார். "புடிக்கலையா, விடுங்க. தடை ஓட்டமே வாணாம். நூறு மீட்டர்ல பேரு குடுத்துடலாம்."

குழுத் தலைவி சுமலதா, ஏழாம் வகுப்புப் பையனின் அம்மா, மேல் குழாயைத் தானும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். மோனிகா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "மிஸ், நான் தாண்டிடுவேன் மிஸ். கால் படவே படாது. பெஞ்சே தாண்டினேனே?"

"பட்டுதே! தழும்பு இன்னா வானத்துலேந்து வந்துதா? சும்மா இரு."

கோபம் தலைக்கேறிவிட்டது. செருப்பைக் கழற்றினேன். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டினேன். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. தடையெல்லாம் தாண்டி எத்தனையோ வருடம். பின்னால் போய் நின்று ஓடி வந்தேன். வேண்டுமென்றே காலைத் தூக்காமல் இடித்தேன்.

தடை அப்படியே நின்றது. நான்தான் அதற்கு மேலாகப் போய் மண்ணில் குப்புற விழுந்தேன். முழங்கால் கிழிந்து ரத்தம். உள்ளங்கை எல்லாம் கல். தாவீது "ஐயோ மிஸ்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"தூக்காதீங்க, இருங்க," என்று அவரைத் தடுத்துவிட்டு உட்கார்ந்தபடியே தலைமை ஆசிரியரைப் பார்த்தேன். "சார், நான் மெதுவா வந்தேன். இதே புள்ள முழு வேகத்துல வந்தா கால் எலும்பு இன்னா ஆவும்? இத வெச்சிப் பழக்க மாட்டேன். ஓட்டத்தையும் விட மாட்டேன். இன்னா பண்ணுவீங்களோ பண்ணுங்க."

தாவீது குனிந்து குழாயைத் தொட்டுப் பார்த்தார். அதில் என் ரத்தம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. கட்டை விரலால் துடைத்தார்.

"அறுத்துடலாமா மிஸ்?" என்றார்.

"அறுங்கண்ணா. புதுசு வாங்க வாணாம், இதையே சரி பண்ணலாம். சாயற பக்கத்துக் காலை அறுத்துடுங்க. மேல மரச்சட்டம். மிச்ச காலு நுனில கொஞ்சம் வெயிட்டு. காத்துக்கு விழக் கூடாது, முட்டி பட்டா விழணும்."

"சட்டத்துக்கு யார் துட்டு தருவா?" என்றார் சார். "ஜெர்சிக்கு எழுதியாச்சே."

அப்போதுதான் சுமலதா வாயைத் திறந்தார். "ஜெர்சி இன்னாத்துக்கு சார்? கால ஒடச்சிக்கினு புதுச் சட்டையோட போட்டோவுல நிக்கவா? அடிங்க அத. சட்டம் வாங்குங்க. வலை தைக்கறதுக்கும் பந்துக்கும் போவ மிச்சம் இருந்தா, ஓடற புள்ளைங்களுக்கு ஷூ வாங்குங்க. அந்தப் பொட்டிக்காரர இந்தப் பக்கம் வர வாணாம்னு சொல்லிடுங்க. அந்த பில்லுல நானும் கையெழுத்துப் போட மாட்டேன்."

நான் ஒருத்தி மாட்டேன் என்றபோது சிரித்த மனுஷர், இரண்டு பேர் சொன்னதும் பேனாவை எடுத்து ஜெர்சியை அடித்தார்.

திங்கட்கிழமை தடைகள் திரும்பி வந்தன. மோனிகாவைக்கூடக் கிட்டே விடவில்லை தாவீது. "மொதல்ல நான்," என்று சொல்லிவிட்டு, கம்பெனி ஷூவோடு தடதடவென்று ஓடி வந்து முட்டியால் இடித்தார். தடை பொத்தென்று முன்னால் சாய்ந்தது. மனுஷர் நிற்காமல் நாலடி ஓடிப் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"விழுந்துடுச்சி மிஸ்!" என்று கை தட்டிக்கொண்டு குதித்தார். ஒரு வெல்டர் தன் வேலை சாய்ந்ததற்கு இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. மீதி மூன்றையும் ஒவ்வொன்றாக இடித்துப் பார்த்துவிட்டுத்தான் மகளைக் கூப்பிட்டார்.

மோனிகா ஓடினாள். இரண்டு தடை சுத்தமாகத் தாண்டினாள். மூன்றாவதில் அவள் கால் தாழ்வது எனக்குத் தெரிந்துவிட்டது. பெஞ்சாக இருந்தால் அங்கேயே சுருண்டிருப்பாள். முட்டி பட்டது, கட்டை சாய்ந்தது, அவள் ஒரு தடுமாற்றம் தடுமாறினாள். பயந்து போய் அங்கேயே நின்றுவிட்டாள். குனிந்து காலைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"மிஸ், இடிச்சிட்டேன்," என்றாள், திட்டு வாங்கப் போகிறவள் போல.

"இடி!" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "இன்னாத்துக்குடி நின்ன? அதுதான் விழணும், நீ இல்ல. ஓடு!"