ஒரு ஸ்டூலும் பத்து நிமிடமும்

எங்கள் வீட்டில் கடிதம் எழுதுவது என்றால் அது என் வீட்டுக்காரர் வேலை. லாரி ஓட்டுகிற கைதான், ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். மகள் பள்ளிக்கூடம் போன பன்னிரண்டு வருடமும் அவளுக்குக் காய்ச்சல், பல்வலி, வயிற்றுவலி என்று லீவ் லெட்டர் எழுதித் தேர்ந்தவர். அந்தத் தேர்ச்சிதான் என்னை ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே நிறுத்தப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

நான் சட்டை தைக்கிற ஃபேக்டரியில் கடைசி செக்கிங். எங்கள் லைனில் தைத்து முடிகிற ஒவ்வொரு சட்டையும் என் டேபிளுக்கு வந்துதான் தீர வேண்டும். காலர், கை, பட்டன், உள்பக்கத் தையல் எல்லாம் பார்த்து, பிசிறை வெட்டி, சரியில்லாததில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். தைக்கிறவர்களுக்கு ஸ்டூல் உண்டு. எனக்குக் கிடையாது. செக்கிங் டேபிள் நின்று பார்ப்பதற்கென்றே இடுப்புக்கு மேல் உயரமாகப் போட்டது. பதினொரு வருடமாக அதன் முன்னால் நிற்கிறேன்.

போன வருடத்திலிருந்து கால் வீங்க ஆரம்பித்தது. காலையில் ஒழுங்காக இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கனக்கும். சாயங்காலம் செருப்பு வார் சதையில் புதைந்து கிடக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் விழுகிற குழி, நான் ஒரு சட்டை பார்த்து முடிக்கிற வரைக்கும் மேலே வராது. வெளியே சொல்ல எனக்குப் பயம். நிற்க முடியாது என்று சொன்னால், சரி, வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டால்? அவருக்கு மாதத்தில் பாதி நாள்தான் லோடு கிடைக்கும். என் வேலையை நம்பித்தான் குடும்பம் ஓடுகிறது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினேன். முட்டாள்தனம்தான்.

கடைசியில் ஒரு நாள் எங்கள் சூப்பர்வைசரிடம் வாயைத் திறந்தேன். லைன் முழுக்க அவருக்கு எக்ஸ்பிரஸ் என்றுதான் பெயர். ஒரு இடத்தில் நிற்க மாட்டார். முதல் மிஷினுக்கும் என் டேபிளுக்கும் நடுவில் நாள் முழுக்க ஓட்டம்தான். அன்றும் நடந்துகொண்டேதான் கேட்டார்.

"சார், கால் ரொம்ப வீங்குது. ஒரு ஸ்டூல் கெடச்சா நல்லா இருக்கும். நடுவுல கொஞ்சம் ரெஸ்ட்டும்..."

"என்னக்கா நீங்க, நானும்தான் காலைல இருந்து சாயந்திரம் வரைக்கும் கால்லயே நிக்கறேன். எனக்கு வீங்குதா? சரி, எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்க, பார்க்கலாம்."

எழுதிக் கொடு என்றதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் மகளின் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல எழுதினார். முடித்துவிட்டுப் படித்துக் காட்டினார்.

'பொருள்: உடல்நலக் குறைவு காரணமாக விடுப்பு வேண்டி. மதிப்பிற்குரிய ஐயா, நான் தங்கள் லைனில் பதினொரு வருடமாகக் கடைசி செக்கிங் பார்த்து வருகிறேன். நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதால் என் கால்கள் வீங்குகின்றன. உட்கார்ந்து பார்க்க ஒரு ஸ்டூலும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் கால் நீட்ட அனுமதியும் தந்தால், என் வேலையை இப்போது போலவே குறையில்லாமல் செய்வேன். எனக்கு இந்த வேலை வேண்டும். நன்றி.'

"எதுக்குங்க விடுப்பு? நான் லீவா கேட்டேன்?"

"அது வழக்கமாப் போடறதும்மா. மேல அப்படிப் போட்டாத்தான் லெட்டர்னே மதிப்பாங்க. விஷயம் உள்ள இருக்குல்ல."

பன்னிரண்டு வருட அனுபவஸ்தர் சொல்கிறார், நான் என்ன பேச? 'எனக்கு இந்த வேலை வேண்டும்' என்பது நான் சொல்லாமல் அவராகச் சேர்த்த வரி. அந்த ஒரு வரிக்காக அவரை எதற்கு வேண்டுமானாலும் மன்னிக்கலாம்.

மறுநாள் கடிதத்தைக் கொடுத்தேன். நேரம் பார்த்துக் கொடுத்தேன் பாருங்கள், அன்றைக்குத்தான் லோடு ஏற்றுகிற நாள். எக்ஸ்பிரஸ் மேல் வரியை மட்டும் பார்த்தார், "சரிக்கா" என்றார், கையெழுத்துப் போட்டார், ஆபீசுக்குப் போகிற தட்டில் வைத்துவிட்டு ஓடினார். எனக்கோ தலைகால் புரியவில்லை. கேட்ட உடனே கையெழுத்தா! அன்று முழுக்க அவர் போகும்போதும் வரும்போதும் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை கேட்டில் என் கார்டை வைத்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. செக்யூரிட்டி அக்கா லிஸ்டைப் பார்த்தாள்.

"நீங்க இன்னிலருந்து லீவுல இருக்கீங்கன்னு போட்டிருக்கு."

"நானா? யார் போட்டது?"

"உடம்பு சரியில்லன்னு நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்க. சூப்பர்வைசர் கையெழுத்து இருக்கு. எத்தனை நாள்னு எழுதலையாம். அதனால வேலைக்குத் தகுதின்னு டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் உள்ள விடணும்னு ஆபீஸ்ல போட்டிருக்காங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. வேலையில் உட்காரக் கேட்டேன், வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். ஒரு வருடமாக எதற்குப் பயந்தேனோ அதுவே கண் எதிரில் வந்து நின்றது. எல்லோரும் என்னைத் தாண்டி உள்ளே போகிறார்கள். என் டேபிளில் சட்டை குவிய ஆரம்பித்திருக்கும். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். செக்யூரிட்டி அக்கா தன் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தாள்.

"அழுதா ஆச்சா? தொழிலாளர் ஆஸ்பத்திரி எட்டரைக்குத் திறப்பாங்க. இப்ப போனா சீக்கிரம் டோக்கன் கெடைக்கும். காலைக் காட்டுங்க, அப்படியே ஸ்டூல் விஷயத்தையும் டாக்டர் கையாலயே எழுதி வாங்கிட்டு வந்துருங்க."

அவள் மகராசி. நானாக இருந்தால் மதியம் வரைக்கும் அங்கேயே அழுதுகொண்டிருந்திருப்பேன்.

டாக்டரம்மா சின்ன வயது. இரண்டு காலையும் அழுத்திப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், இதயம், சிறுநீரகம் எல்லாம் சரியாக இருக்கிறதா தெரிய வேண்டும் என்று ரத்தமும் சிறுநீரும் எடுத்து, நெஞ்சில் கம்பி ஒட்டி ஒரு படமும் எடுக்கச் சொன்னார். மதியத்துக்கு மேல்தான் முடிவு வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. காலில் முறுக்கிக்கொண்டு தெரிகிற நரம்புகளைக் காட்டினார்.

"ரத்தம் கீழ போறது சுலபம்மா, மேல ஏறுறதுதான் கஷ்டம். நடந்தா கெண்டைச்சதை அதைத் தள்ளிவிடும். ஒரே இடத்துல நின்னா அங்கயே தேங்கிடும்."

"எங்க சூப்பர்வைசரும் நிக்கறாராம், அவருக்கு வீங்கலையாம்."

"அவர் நிக்கறாரா, நடக்கறாரா?"

அவரைத் தினமும் பார்க்கிற எனக்குத் தோன்றாத கேள்வி.

அவர் எழுதித் தந்தார்: வேலைக்குத் தகுதியானவர். உட்கார்ந்து பார்க்க, கால் தொங்காமல் வைக்கப் படி உள்ள ஸ்டூல் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் காலை உயர்த்தி வைக்க வேண்டும். காலில் போட இறுக்கமான காலுறையும் எழுதினார். ஒரு மாதம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார். அந்தத் தாளை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்தவர், இனி லெட்டரே எழுத மாட்டேன் என்று சத்தியம் செய்தார். "எழுதுங்க, ஆனா மேல் வரியை மட்டும் நான் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் காலை தாளை ஆபீசில் காட்டிவிட்டு உள்ளே போகவே ஒன்பதரை ஆகிவிட்டது. என் டேபிளில் யார் என்று பார்த்தால், எக்ஸ்பிரஸ்! மாற்றுக்கு ஆள் இல்லையாம். அவரும் ஒரு காலத்தில் செக்கிங் பார்த்தவர்தான், அதனால் முந்தின நாள் முழுக்க அவரேதான் நின்றிருக்கிறார். ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்து, டேபிளில் இடுப்பைச் சாய்த்து, கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்திரியைக் கீழே வைத்தார்.

"வந்துட்டீங்களாக்கா! அப்பாடா. என்னக்கா இது, எப்படிக்கா நிக்கறீங்க? நேத்து வீட்டுக்குப் போய் ஷூவைக் கழட்ட முடியல. என் பொண்டாட்டிதான் புடிச்சு இழுத்தா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. டாக்டர் தாளை நீட்டினேன். இந்த முறை நின்று, கடைசி எழுத்து வரைக்கும் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என் கடிதம். ஆபீசிலிருந்து திரும்ப வாங்கி வந்திருக்கிறார்.

"நேத்து நீங்க எத்தனை நாள் லீவுன்னு ஆபீஸ்ல கேக்கப் போனேன். இதைக் காட்டினாங்க. அப்பத்தான் முழுசாப் படிச்சேன். என் தப்புக்கா. மேல் வரியைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன். உங்க நேத்து லீவை வேலை நாளா மாத்திப் போடச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. "பரவாயில்ல சார்" என்று முணுமுணுத்தேன்.

தைக்கிறவர்களின் ஸ்டூல் ஒன்றை அவரே தூக்கிவந்து போட்டார். உட்கார்ந்தால் என் தாடை டேபிளில் இடிக்கிறது. லைனே சிரித்தது. மிஷின் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக் தம்பி வந்து, டேப் வைத்து என் இடுப்பு, முழங்கால், டேபிள் எல்லாம் அளந்தான். கல்யாணத்துக்கு அளவெடுக்கிற மாதிரி நான் நெளிந்தேன். மதியத்துக்குள் ஸ்டூலின் கால்களுக்குக் கம்பி வைத்து உயர்த்திப் பற்றவைத்து, கீழே பாதம் வைக்க ஒரு கம்பியும் போட்டுக் கொண்டுவந்தான். கம்பி வழுக்காமல் இருக்கப் பழைய ரப்பர் பெல்ட்டைச் சுற்றியிருந்தான். அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை.

"சார், இவங்களுக்குக் குடுத்தா எங்களுக்கும் வேணும்ல?" என்று அயர்ன் டேபிளிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வேணும்னா எழுதிக் குடுங்க," என்றார் எக்ஸ்பிரஸ். பிறகு அவராகவே சொன்னார், "இனிமே முழுசாப் படிக்கிறேன்."

உட்கார்ந்து பார்த்தேன். கை அதே வேகத்தில்தான் ஓடியது. மூன்றரை மணிக்கு எக்ஸ்பிரஸ் வந்து என் பக்கத்தில் நின்றார்.

"எழுந்திரிங்கக்கா. பத்து நிமிஷம். அதுவரைக்கும் நான் பார்க்கறேன்."

சாப்பாட்டு ஹாலில் ஒருவரும் இல்லை. எதிர் பெஞ்சில் இரண்டு காலையும் தூக்கி வைத்தேன். ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஓய்வெடுக்கத் தெரியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. யாரோ திட்டப் போகிறார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டை குவிந்திருக்குமே, அவருக்குக் கால் வலிக்குமே என்று நினைத்து எழுந்து ஓடிவந்துவிட்டேன்.

அவர் ஒரு சட்டையின் காலரை மடித்துப் பார்த்துக்கொண்டே நிமிர்ந்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு நிமிஷம்தான் ஆச்சு. இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. போய் உக்காருங்க."

போனேன். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மீதி ஆறு நிமிடமும் நன்றாக அழுதேன். பதினொரு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் என்னை ஒருவர், போய் உட்கார் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.