செட்டுனா செட்டுதான்

விவாகரத்து ஒப்பந்தம், சொத்துப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ். இந்த மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தமிழில் சொல்லக்கூடியவர் அந்த மொழிபெயர்ப்பாளர். இருபத்தெட்டு வருஷமாக வீட்டு முன்னறைதான் அவருக்கு ஆபீஸ். ஓர் ஆவணத்தில் ஒரு பொருளுக்கு ஒரே சொல்தான் வரவேண்டும் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையைக் கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துப் போயிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மனைவியின் அண்ணன் ஒரு ஃபைலோடு வந்தார். நான்கு மாடிக் கட்டட வேலை ஒன்றுக்கு அவர்தான் மேனேஜர். இளகிய மண் என்பதால் கான்கிரீட் தூண்களைச் சம்மட்டியால் பூமிக்குள் அடித்து இறக்கி, அவற்றின்மேல் கட்டடத்தை நிறுத்தும் திட்டம். அந்தத் தூண்களுக்குத்தான் பைல் என்று பெயர்.

"மாப்பிள்ளை, இது பைல் அடிக்கிறப்ப நிரப்புற பதிவேடு. இனிமே சைட்ல எல்லாமே தமிழ்லதான் இருக்கணும்னு மேலிடத்து உத்தரவு. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுங்க."

"எத்தனை பக்கம் மச்சான்?"

"ஆறே பக்கம்."

"ஆறு பக்கத்துக்கு எதுக்கு வெள்ளி? வியாழக்கிழமையே வந்து வாங்கிக்குங்க."

அன்று மத்தியானமே சறுக்கல் ஆரம்பித்தது. பைல் என்ற சொல்லுக்கு அவருடைய அகராதி மூன்று அர்த்தம் சொன்னது: குவியல், கம்பளத்து மயிர், மூலநோய். மூன்றாவதில் 'நோய்' என்பதை நீக்கிவிட்டால் 'மூலம்'. கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடித்தளம் என்பதே கட்டடத்துக்கு மூலம்தானே? அப்படியே எழுதினார். தட்டச்சு செய்துகொண்டிருந்த மனைவி நான்காவது வரியில் கையை எடுத்துவிட்டாள்.

"என்னங்க இது? 'மூலத்தின் தலையில் மூன்று டன் சம்மட்டியை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விட வேண்டும்.' பாவம், யாருக்குங்க இப்படி வைத்தியம் பாக்குறாங்க?"

அவர் தாளை வாங்கி, எல்லா இடத்திலும் 'பைல்' என்று திருத்தினார்.

அடுத்து அட்டவணை. அதில் ஒடுக்கமான ஒரு பத்தியின் தலையில் 'செட்' என்று மட்டும் இருந்தது. கீழே மில்லிமீட்டர் கணக்கு. மூன்று பக்கம் தள்ளி, சுமை ஏற்றிச் சோதிக்கும் பகுதியில் 'செட்டில்மென்ட்' என்று இருந்தது. அதுவும் மில்லிமீட்டர் கணக்குதான். விவாகரத்துப் பத்திரப் பழக்கத்தில் முதலில் 'தீர்வு' என்று எழுதினார். 'பைலின் தீர்வு பன்னிரண்டு மில்லிமீட்டர்' என்று வாசித்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது. அடித்துவிட்டு 'இறக்கம்' என்று எழுதினார். அப்படியானால் செட்? பத்தியில் இடம் போதாமல் செட்டில்மென்ட்டைச் சுருக்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான். அவருக்குப் புல்லரித்தது. ஒரு பொருளுக்கு ஒரே சொல்! அதற்கும் 'இறக்கம்' என்றே போட்டார்.

வியாழக்கிழமை மச்சான் வாங்கிப் போனார். மறு வாரம் புதன்கிழமை ஃபோன் வந்தது.

"மாப்பிள்ளை, உடனே சைட்டுக்கு வாங்க."

"ஏன் மச்சான், எழுத்துப் பிழையா?"

"பிழையா? பதினாலாம் நம்பர் பைல் மண்டை உடைஞ்சு கிடக்கு. வாங்க, சொல்றேன்."

சைட்டில் சேறு. ஆள் உயரத்துக்குப் பைல்கள் வரிசையாகத் தரைக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. பதினாலாம் பைலின் தலையில் மட்டும் கான்கிரீட் பெயர்ந்து, உள்ளே இருந்த கம்பி பல்லை இளித்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு பேர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றிருந்தார்கள். ஒருத்தி சைட் இன்ஜினியர். மாடி வீடுகள் கட்டுவதில் கெட்டிக்காரி. பைல் வேலைக்கு இதுதான் முதல் தடவை. இன்னொருவர் மேஸ்திரி. பைல் அடித்தே தலை நரைத்தவர்.

"சார், இது நீங்க எழுதினதுதானே?" என்று இன்ஜினியர் தாளை நீட்டினாள். "மூணாம் பக்கத்துல, பத்து அடிக்கு இறக்கம் இருபத்தஞ்சுக்கு மேல போகக் கூடாது. ஆறாம் பக்கத்துல, இறக்கம் பன்னெண்டுக்கு மேல போகக் கூடாது. ரெண்டு வரம்பு இருந்தா சின்னதைப் பிடிக்கிறதுதானே பாதுகாப்பு? அடிக்க அடிக்க இருபத்திரெண்டு, இருபதுன்னுதான் வந்துச்சு. பன்னெண்டு வரட்டும்னு அடிக்கச் சொல்லிட்டேன்."

"நான் சொன்னேங்க!" என்று மேஸ்திரி குறுக்கே விழுந்தார். "இருபத்திரெண்டுலயே செட் வந்திருச்சு, நிப்பாட்டுங்கன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்."

"செட்டுன்னா என்னன்னு கேட்டேன்ல?"

"செட்டுனா செட்டுதான்! அதுக்கு மேல என்ன சொல்றது?"

"தாள்ல அப்படி ஒரு வார்த்தையே இல்லையே."

இருவரும் ஒரே நேரத்தில் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார்கள். அவர் உடைந்த பைலைப் பார்த்தார். தன்னுடைய ஒரு சொல் மூன்று டன் சம்மட்டியாகி ஒரு கான்கிரீட் தலையை உடைத்திருக்கிறது. விவாகரத்துப் பத்திரத்தில் என்ன தப்பு செய்தாலும் இவ்வளவு தெளிவாகக் கண்ணுக்குத் தெரிந்ததில்லை.

"செட்டும் செட்டில்மென்ட்டும் ஒண்ணு இல்லையா?" என்று ஈனசுரத்தில் கேட்டார்.

மேஸ்திரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "வாங்க, காட்டுறேன். பதினஞ்சாம் பைல் ஓடிக்கிட்டு இருக்கு."

பைலின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினார்கள். பைலைத் தொடாமல், இரண்டு முளைகளை நட்டு அவற்றின்மேல் ஒரு மரச்சட்டத்தைப் பொருத்தினார்கள். மேஸ்திரி அந்தச் சட்டத்தின்மேல் பென்சிலை வைத்து, முனையைத் தாளில் அழுத்தினார். சம்மட்டி விழுந்தது. பைல் சடக்கென்று இறங்கி, கொஞ்சம் எழும்பி நின்றது. பென்சிலைப் பக்கவாட்டில் சற்று நகர்த்தினார். அடுத்த அடி. மொழிபெயர்ப்பாளர் தள்ளி நின்று காதைப் பொத்திக்கொண்டார். பத்து அடி முடிந்ததும் தாளைக் கிழித்துக் கொண்டுவந்து நீட்டினார் மேஸ்திரி. தாளில் படிக்கட்டு மாதிரி ஒரு கோடு. ஒவ்வொரு படியிலும் ஒரு கூரான கொக்கி.

"இந்தக் கொக்கி இருக்கே, அது துள்ளல். அடி வாங்கினதும் பைலும் மண்ணும் அமுங்கித் திரும்பி வருது. அதைக் கணக்குல சேக்கக் கூடாது. துள்ளல் போக, ஒவ்வொரு அடிக்கும் நிலையா எவ்வளவு இறங்கி நிக்குது, அதான் செட். பத்து அடிக்கும் சேத்து அளங்க."

இன்ஜினியர் அளவுகோலை வைத்தாள். "இருபத்தொண்ணு."

"இருபத்தஞ்சுக்குள்ள வந்திருச்சா? மண்ணு பிடிச்சிருச்சுன்னு அர்த்தம். நிப்பாட்டிரணும்."

"அப்ப பன்னெண்டு?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

இப்போது இன்ஜினியர் பதில் சொன்னாள். சொல்லும்போதே அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அது அடிக்கிறப்ப இல்ல சார். அடிச்சு முடிச்சு, சில நாள் விட்டு, சும்மா நிக்கிற பைல் மேல ஜாக் வெச்சுச் சுமை ஏத்துவோம். அறுபது டன் தாங்கணும்னா தொண்ணூறு டன். அந்தப் பாரத்துல எவ்வளவு அமுங்குதுன்னு பாக்கணும். அதுதான் செட்டில்மென்ட். கடவுளே, படிச்சிருக்கேன், ஒரே வார்த்தையைப் பாத்ததும் மண்டையில உறைக்கவே இல்ல."

மூவரும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. மொழிபெயர்ப்பாளர் பேனாவை எடுத்தார். செட்டில்மென்ட்டுக்கு 'அமிழ்வு' என்று போட்டார். இருவருக்கும் பிடித்தது. செட்டுக்கு 'அடியிறக்கம்' என்றார்.

"எத்தனை அடி இறக்கம்?" என்றார் மேஸ்திரி.

"அந்த அடி இல்லை, சம்மட்டி அடி."

"என் ஆளுங்க அளக்கிற அடின்னுதான் படிப்பாங்க. இப்பவே 'கடைசி பத்து அடிக்கு'ன்னு எழுதியிருக்கீங்கள்ல? ஒருத்தன் டேப்பைத் தூக்கிட்டு வந்து பைல்ல பத்து அடி அளந்துட்டான்."

மொழிபெயர்ப்பாளர் டீயை வைத்துவிட்டார். அளப்பதும் அடி, அறைவதும் அடி, கீழே இருப்பதும் அடி. தாய்மொழி தன்னையே மூன்று அடி அடித்ததுபோல் இருந்தது. எல்லா இடத்திலும் 'சம்மட்டியடி' என்று மாற்றினார். பிறகு செட்டுக்காக அரைமணி நேரம் முட்டி மோதினார். நிலையிறக்கம், தாழ்வு, பதிவு, ஊன்றல். ஒவ்வொன்றையும் மேஸ்திரி மரியாதையோடு கேட்டுவிட்டு, "அதாவது செட்டு" என்றார்.

கடைசியில் மொழிபெயர்ப்பாளர் பெருமூச்சு விட்டு எழுதினார்: 'செட்: ஒரு சம்மட்டியடிக்கு, துள்ளல் நீங்கலாக, பைல் நிலையாக இறங்கும் அளவு.'

"செட்டைத் தமிழ்லயே சேத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள் இன்ஜினியர்.

"நான் யாரும்மா சேத்துக்கிறதுக்கு? இவர் இத்தனை வருஷமா தமிழ்லதானே சொல்லிக்கிட்டு இருக்கார்."

பதினாலாம் பைலின் உடைந்த தலையை, நல்ல கான்கிரீட் தெரியும்வரை வெட்டி எடுத்தார்கள். எப்படியும் வெட்டவேண்டிய உயரத்துக்கு மேல்தான் உடைந்திருந்தது என்பதால் மச்சானுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் அவ்வளவு அடி வாங்கியதற்குக் கீழே எங்காவது விரிசல் இருக்குமோ என்ற பயம் இருந்தது. அதனால் அந்தப் பைலையே சுமைச் சோதனைக்கு எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து, தன் தாள் சரியாக நடந்துகொள்கிறதா என்று பார்க்க மொழிபெயர்ப்பாளரும் போனார்.

பைலுக்கு மேலே மேடை கட்டிக் கான்கிரீட் கட்டைகளை அடுக்கியிருந்தார்கள். கட்டைகளுக்கும் பைலுக்கும் நடுவில் ஜாக். பைலைச் சுற்றி, அது அமிழ்வதை அளக்கும் நான்கு கடிகார முள் கருவிகள், தனியாக நட்ட இரும்புச் சட்டத்தில் பொருத்தப்பட்டிருந்தன. கால் வலித்ததால் மொழிபெயர்ப்பாளர் அந்தச் சட்டத்தில் லேசாகக் கையை ஊன்றினார்.

"சார்!" என்று இன்ஜினியர் அலறினாள். "முள் குதிக்குது!"

"சுமையே ஏத்தலியே, அதுக்குள்ளயா அமிழுது?"

"பைல் அமிழல, நீங்க சட்டத்தை அமுக்குறீங்க! கையை எடுங்க!"

மறுபடி பூஜ்ஜியம் பார்த்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. மச்சான் அவரைத் தோளைப் பிடித்து நகர்த்திக் கொட்டகைக்குள் உட்கார வைத்தார். "மாப்பிள்ளை, உங்க கைராசி இந்தப் பைலுக்குப் போதும்."

சுமையைப் படிப்படியாக ஏற்றினார்கள். ஒவ்வொரு படியிலும் முள் அடங்கும்வரை காத்திருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் கொட்டகை ஜன்னல் வழியாக, பரீட்சை எழுதும் பிள்ளையைப் பார்க்கும் அப்பா மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் தொண்ணூறு டன் நின்றது. நான்கு முட்களின் சராசரியைக் கணக்குப் போட்டு இன்ஜினியர் நிமிர்ந்தாள்.

"ஏழு புள்ளி நாலு! பன்னெண்டுக்கு ரொம்பக் கீழ!"

மேஸ்திரி பைலைப் பார்த்து, "தேறிட்டடா மகனே" என்றார். அத்தனை நாளும் இன்ஜினியரிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசாதவர், அவளுக்கு டீ வாங்கிவரத் தானே போனார்.

அவள் பதிவேட்டை விரித்து, 'இறுதி அமில்வு 7.4' என்று எழுதி, நீட்டிக் காட்டினாள். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்தார். மச்சான் அவரைப் பார்த்தார். வாயை மூடினார். இரண்டு நிமிஷம் சமாளித்துப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, "தப்பா நினைச்சுக்காதேம்மா" என்று சொல்லி, ஒரே ஒரு எழுத்தைத் திருத்திக் கொடுத்தார்.