ஐந்தாவது மெட்டு

தேஜஸ்வினி வீணையின் பிருடையை மறுபடி முறுக்கினாள். வாசிக்கும் தந்தியான சாரணி ஸட்ஜத்தில் நின்றது. அதற்கடுத்த மூன்று தந்திகளும் கீழே பஞ்சமம், ஸட்ஜம், பஞ்சமம் என்று சொன்னபடி கேட்டன. பக்கவாட்டில் தாளம் போட இருக்கும் மூன்றும் சரி. கைபேசியில் சுருதி காட்டும் செயலியில் எல்லாம் பச்சை. ஆனால் வாசித்தால் மத்யமம் மட்டும் எகிறியது.

"இன்னும் முடியலயா? ஆறரைக்கு உன் கச்சேரி" என்றான் அண்ணன் அருண்ராஜ். புனேயின் கேம்ப் பகுதியில் அந்தச் சிறிய மண்டபம் நிரம்பத் தொடங்கியிருந்தது. அவளுடைய முதல் தனிக் கச்சேரி. இதற்காகவே சங்கராபரணத்தை மூன்று மாதமாகச் சாதகம் செய்திருந்தாள்.

"மத்யமம் தப்பா இருக்கு."

"அப்ப தந்தியக் கொஞ்சம் தளர்த்து."

"தளர்த்தினா மத்ததெல்லாம் கீழ போயிடும், அண்ணா. தந்திக்கு ஒரு சுருதிதான். மெட்டுதான் அதை எந்த இடத்துல அழுத்தி நிறுத்தணும்னு சொல்லுது. நீளம் குறைஞ்சா சுரம் ஏறும்."

"சரி, இந்தப் பானைக்கு என்ன வேலை?"

"குடம். தந்தி அதிர்வு, அதைத் தாங்கற இந்தக் குதிரை வழியா இதுக்குள்ள இறங்கி, பெரிசாகி வெளிய வருது. இப்பவா கேக்கணும்?"

எரிச்சலுடன் பித்தளை மெட்டுகளை ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்தாள். ஏழாவது, பஞ்சமம். பன்னிரண்டாவது, மேல் ஸட்ஜம். இரண்டும் துல்லியம். ஐந்தும் ஆறும்தான், இரண்டு மத்யமங்களும், குடத்தின் பக்கம் மயிரிழை நகர்ந்திருந்தன. அடியில் கறுப்பு மெழுகில் ஒரு பள்ளம்.

"அண்ணா, மத்தியானம் காரை எங்க விட்ட?"

"ஹோட்டல் வாசல்ல. வெயில்தான், ஆனா கண்ணாடியெல்லாம் மூடித்தான் வெச்சேன், பத்திரமா."

"வீணை மேல?"

"என் லேப்டாப் பை. இடமே இல்லடி, வேற எங்க வைக்கறது?"

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. மெட்டெல்லாம் மெழுகில் பதிந்து நிற்பவை. ஏப்ரல் வெயிலில் மூடிய காருக்குள் மெழுகு இளகும். பை அழுத்தினால் நகரும். வீணையை உள்ளே தூக்கிக்கொண்டு போ என்று எத்தனை முறை சொன்னாள்! நகர்ந்த மெட்டை அவனுக்குக் காட்டினாள்.

"நீயே நகத்தால தள்ளிடு."

"இப்ப மெழுகு கெட்டியா இருக்கு. சூடு காட்டித் தள்ளினா மத்ததும் கெடும். அதை வீணை செய்யறவங்கதான் பாக்கணும். புனேயில யாரைத் தேடறது?"

திரை அசைந்தது. மத்யமம் இல்லாமல் சங்கராபரணமா? மெட்டில் வந்து நிற்க வேண்டிய சுரம் அது.

வேறு ராகங்களின் சுரங்களை விரலில் எண்ணினாள். மோகனத்தில் மத்யமமே கிடையாது. சாரணியில் அந்த இரண்டு மெட்டுகளையும் தொட வேண்டாம். மிருதங்கக்காரரிடம் போய், "சங்கராபரணம் இல்ல, மோகனம்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு மிருதங்கத்தை எடுத்தார்.

வாசிக்க வாசிக்க, மூன்று மாதப் பழக்கத்தில் விரல் ஐந்தாவது மெட்டை நோக்கி நழுவியது. ஒவ்வொரு முறையும் அதைத் தடுத்து நிறுத்தினாள். சபை கைதட்டியது.

"பிரமாதம்டி" என்றான் அருண்ராஜ், மேடைக்கு ஓடிவந்து.

"பையை நீ தூக்கு" என்றாள் அவள். "வீணையை நான் மடியிலயே வெச்சுக்கறேன்."