மஞ்சள் பூசிய அரிசி

தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் போட்டோ பிடிக்கிற எட்மண்டுக்குத் தன் கைவேலையில் கொஞ்சம் கர்வம் உண்டு. மேஸ்திரி முனிரத்தினத்தின் மகள் பார்வதம்மா கல்யாணத்தில், கூட்டத்தை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தோமா, பேசாமல் வீட்டுக்குப் போனோமா என்று இருந்திருக்கலாம். அது முடியவில்லை. இரண்டு சம்பந்தியம்மாக்களும் அவரவர் வீட்டு அட்சதையை ஆளுக்கொரு பிடி தாம்பாளத்தில் கொட்டும்போது, போட்டோப் பெட்டியைக் கிட்டே கொண்டுபோய் அதைத் தனியாக எடுத்தார். அரிசிமணி ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி அருமையாக விழுந்தது. அதைப் பிள்ளை வீட்டுக்கு இனாமாகவே கொடுத்தார். இனாமாகப் போனது வினையாகத் திரும்பி வந்தது.

கல்யாணமான மூன்றாம் மாதம் நந்திதுர்க் சுரங்கத்தில் கல் சரிந்து மாப்பிள்ளை சின்னசாமிக்குக் கால் முறிந்தது. மகன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த வெங்கடம்மாவின் கண் சுவரில் இருந்த படத்தில் போய் நின்றது. பின்னால் தெரிந்த வேட்டி வெள்ளையாக இருந்தது. அரிசி மட்டும் கறுத்துக் கிடந்தது. இது பச்சரிசியா? அவித்த நெல்லில் எடுத்த புழுங்கலரிசியைப் பெண் வீட்டார் நல்ல காரியத்துக்குக் கொண்டு வருவார்களா? அதைத் தலையில் போட்டதால்தான் என் பிள்ளைக்கு இந்தக் கதி என்று பிடித்துக்கொண்டாள். மறுநாளே பார்வதம்மா துணி மூட்டையோடு அப்பன் வீட்டில் இருந்தாள்.

முனிரத்தினம் எட்மண்டின் கடை வாசலில் வந்து நின்றார். சுரங்கத்தில் ஐம்பது பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர், கெஞ்சுகிற குரலில் பேசினார்.

"பட்டணத்திலேந்து ரயில்ல வந்த மில்லு பச்சரிசிங்க. சும்மா பளபளன்னு தீட்டினது. பொண்ணுக்குன்னு தேடி வாங்கினேன். இப்ப அவுளு சோறு எறங்காம உக்காந்துகினு, அவரு காலுக்கு யாரு கட்டு மாத்துறாங்கன்னு கேட்டுகினே கீறா. நீங்க புடிச்ச படம்தானே, நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

எட்மண்டுக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே வெங்கடம்மாவின் வீட்டுக்குப் போனார். ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில் பாதிப் பேருக்கு நெல் அவித்துக் குத்திக் கொடுப்பவள் அவள்தான். கையில் முறத்தோடு திரும்பிப் பார்த்தாள்.

"அட்சதைக்கு மஞ்ச பூசியிருக்குதுங்கம்மா. எங்க போட்டோக் கண்ணாடித் தகட்டுக்கு மஞ்ச நெறம் தெரியாது, படத்துல கறுப்பாத்தான் விழும்" என்றார் எட்மண்ட்.

"புழுங்கலு மட்டும் இன்னா, பாலு மாதிரியா கீது? அதுவும் பழுப்பு மஞ்சதான். அதுவும் கறுப்பாத்தானே விழும்?"

கேள்வி நியாயம் என்று எட்மண்டுக்கே பட்டது. நிறத்தை வைத்து இந்த வழக்கு இப்படியும் தீராது, அப்படியும் தீராது. அப்புறம் எதை வைத்துத் தீர்ப்பது? ராத்திரி பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் அந்தத் தகட்டை எடுத்து விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். அவருக்கு எல்லா அரிசியும் அரிசியாகத்தான் தெரிந்தது.

பார்க்கத் தெரிந்த கண் ஊரில் ஒன்றுதான் உண்டு, அதுவோ எதிர்க்கட்சிக்காரியின் கண். எட்மண்ட் அதையே பிடித்தார். மறுநாள் காலை ஆறு கிண்ணங்களை வெயிலில் வைத்தார். மேல் வரிசையில் கைக்குத்தல் பச்சரிசி, புழுங்கலரிசி, மில்லில் தீட்டிய பச்சரிசி. கீழ் வரிசையில் அதே மூன்றும் மஞ்சள் தண்ணீரில் பிசறி, இடம் மாற்றி. எது எது என்று ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் ஒரே தகட்டில் எடுத்து, காகிதத்தில் அச்சுப் போட்டு, பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு வெங்கடம்மாவுக்குச் சொல்லியனுப்பினார்.

"அரிசியில எனக்குப் பரீட்சையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஆனால் வந்துவிட்டாள்.

மேல் வரிசையை வெறும் கண்ணாலேயே சொன்னாள். சுண்ணாம்பாய் வெளுத்து, வயிற்றில் ஒரு வெள்ளைத் திட்டோடு கிடப்பது பச்சரிசி. அதில் தவிட்டுக் கோடு கறுப்பாக ஓடினால் கைக்குத்தல், கோடில்லாமல் வழவழவென்று இருந்தால் மில். சாம்பலாய், திட்டில்லாமல் கண்ணாடி போல் இருப்பது புழுங்கல்.

கீழ் வரிசைக்கு வந்தாள். மூன்றும் ஒரே கறுப்பு.

"அடேங்கப்பா, மஞ்ச எல்லாத்தயும் ஒண்ணாக்கிடுச்சே" என்றாள். கோபம் எங்கே போயிற்றோ, கண்ணாடியை வாங்கிக் குனிந்தவள் நிமிரவே இல்லை. எட்மண்டும் பக்கத்தில் குனிந்தார்.

"நெறத்த வுடு. ஒடம்பப் பாரு" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். "இது மொதக் கிண்ணம் புழுங்கலு. வேவும்போது உப்புது இல்ல, அதான் குட்டையா, பருத்து, முனை மழுங்கிக் கீது. இந்தாண்ட ரெண்டும் ஒல்லி, பச்சரிசி. அதுல இது மில்லு. முளை இருந்த மூலையப் பாருங்க, தீட்டித் தீட்டி அதப் பேத்துட்டான். பள்ளம் வுழுந்து, அதுல மஞ்ச தேங்கிப் புள்ளி மாதிரி நிக்குது. கைக்குத்தலுக்கு அந்த மூக்கு போவல, கோடும் போவல."

எட்மண்ட் சீட்டை எடுத்துப் பிரித்தார். மூன்றும் சரி. இருபது வருஷமாகக் கண்ணாடி வழியே உலகத்தைப் பார்க்கிறவர், அரிசிக்கு மூக்கு இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

அடுத்துக் கல்யாணப் படத்தை அவள் முன்னால் வைத்தார். வெங்கடம்மா இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். ஊசியால் ஒவ்வொரு மணியாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

"ஒல்லி. பள்ளம் கீது. இதுவும் பள்ளம்." பெருமூச்சு விட்டாள். "மேஸ்திரி பொய் சொல்லல. மில்லு பச்சரிசிதான்."

எட்மண்டுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. தீர்ந்தது என்று எழுந்தவர், ஊசி இன்னும் நகர்ந்துகொண்டே இருப்பதைக் கண்டார். அது தாம்பாளத்தின் நடுவைத் தாண்டி வலது ஓரத்துக்குப் போனது. அங்கே நின்றது.

"இன்னாம்மா?"

எட்மண்ட் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். இப்போது அவருக்கே தெரிந்தது. குட்டை, பருமன், மழுங்கல் முனை, எந்த மணியிலும் பள்ளமில்லை. அந்தக் குவியலுக்கு மேலே, படத்தின் ஓரத்தில், பச்சை குத்திய கை ஒன்று விரல் விரித்தபடி நின்றது. அதே பச்சை குத்திய கைதான் இப்போது அவர் மேசைமேல் ஊசியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அன்னைக்கி வூடு பூரா ஜனம்" என்றாள் வெங்கடம்மா, மெதுவாக. "பானையிலேந்து அள்ளிக் குடுங்கடின்னு சொன்னேன். எந்தப் பானைன்னு நான் பாக்கல. மஞ்சத் தண்ணிய ஊத்திப் பெசஞ்சுட்டேன்."

அப்போ புழுங்கலைப் போட்டது நீங்கதானே என்று எட்மண்டுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டார். பாவம், அந்த முகத்தில் அடிக்க இடமே இல்லை.

வெங்கடம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"கல்லு வுழுந்தா காலு முறியும். அதுக்கு அரிசி இன்னா பண்ணும்?" என்றாள்.

"ஒண்ணும் பண்ணாதுங்கம்மா. நேத்தும் ஒண்ணும் பண்ணல."

அவள் அதைக் காதில் வாங்காதவள் போலப் படத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். வலது ஓரத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

"இதோட வெட்டிட்டு, வேற ஒண்ணு போட்டுக் குடு."

"உங்க கையும் போயிடுமே. பிள்ளை கல்யாணத்துல உங்க கை தெரியற படம் இது ஒண்ணுதான்."

"போவட்டும்."

எழுந்து முறத்தை இடுக்கிக்கொண்டாள். வாசல் வரை போனவள் நின்றாள்.

"சாயங்காலத்துக்குள்ள குடுத்துடு. பார்வதம்மாவ இட்டுகினு வரப் போறேன். அவுளு உள்ள நுழையும்போது அது செவுத்துல இருக்கணும்."

எட்மண்ட் கத்தரிக்கோலைத் தேடினார்.