காதில் மாட்டிய பாடம்

கம்பெனி பஸ்ஸில் நான் ஏறி உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். குழாயைத் திருகி மூடியதுபோல நிற்கும். முதலில் இதை நான் கவனிக்கவில்லை. காதில் போன் ஒயரை மாட்டிக்கொண்டு இருப்பவனுக்கு, சுற்றி இருப்பவர்கள் பேசுகிறார்களா இல்லையா என்று எப்படித் தெரியும்?

எனக்குக் கட்டிடத்தில் சாரம் கட்டும் வேலை. இரும்புக் குழாய்களைத் தோளில் சுமந்து, மாடிக்கு மாடி நிறுத்தி, பலகை போட்டு, மற்றவர்கள் நின்று வேலை செய்ய வழி பண்ணுவேன். தோள் காய்த்துப்போய்விட்டது. வலது முழங்கால் இப்போதெல்லாம் நான் சொல்வதைக் கேட்பதில்லை. கம்பெனியில் சாரம் பரிசோதிக்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போர்டில் ஒட்டியிருந்தார்கள். எழுத்துப் பரீட்சை உண்டு. தேறினால் குழாய் சுமக்க வேண்டாம். தேறாவிட்டால் இந்த முழங்கால் உள்ளவரைதான் என் சம்பளம்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது நாற்பது வயதுக்குப் பிறகு. கற்றுக்கொடுத்தது என் மனைவி. வீடு ஒரே அறை. டிவி, குக்கர் விசில், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் அதற்குள்தான். "பஸ்ல போற நேரம் யாருக்கும் சொந்தமில்லைங்க. அதை எடுத்துக்கோங்க" என்றாள் அவள். நல்ல யோசனைதான். ஊரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர அதைவிடக் கூட.

ஆனால் ஓடும் பஸ்ஸில் பரீட்சைப் புத்தகத்தைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். அதனால் ஒரு வழி வைத்திருந்தேன். காலையில் சிக்னலிலோ நெரிசலிலோ பஸ் நிற்கும்போது மட்டும் புத்தகத்தைத் திறப்பேன். ஒரு வரியை மனதுக்குள் நாலைந்து தடவை ஓட்டிப் பார்ப்பேன். நாக்கு தடுக்காமல் வந்தபிறகு ஒயரிலுள்ள மைக்கை வாயருகே பிடித்து, மெல்லச் சொல்லிப் போனில் பதிவேன். பஸ் கிளம்பினால் மூடிவிடுவேன். மாலையில் வெளிச்சமும் இருக்காது, கண்ணும் இருக்காது. அப்போது கண்ணை மூடிக்கொண்டு என் குரலையே கேட்டு வருவேன். மனைவிக்குப் போன் பண்ணுவதுகூடக் கடைசிப் பாலம் தாண்டியபிறகுதான்.

பரீட்சை விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. தேறாமல் போனால், 'வாங்க வாத்தியாரே' என்று ஆயுசுக்கும் கூப்பிடுவார்கள்.

அந்தச் சமயம் பார்த்து, மதியம் லிஃப்ட் குழிப் பக்கம் கண்ணயர்ந்த மூன்று பேரை ஊருக்கு வெளியே உள்ள சைட்டுக்குத் தூக்கி அடித்தார்கள். யாரோ ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள் என்று பேச்சு. அதற்குப் பிறகுதான் பஸ்ஸில் குழாய் மூடியது. இவர்களுக்குப் பரீட்சை விஷயம் தெரிந்துவிட்டது, வயிறு எரிகிறார்கள் என்று நான் நினைத்தேன். மைக்கில் முணுமுணுக்கும் என்னை அவர்கள் சந்தேகப்பட்டார்கள். நான் அவர்களைச் சந்தேகப்பட்டேன். எதிரில் யாராவது சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது.

ஒரு மாலை வெல்டர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனை எல்லோரும் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். யாருக்கு மச்சான் என்று யாருக்கும் தெரியாது. என் காதிலிருந்து ஒரு ஒயரைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கேட்டான். அவன் முகம் மாறியது.

என் குரல் பலகையின் அகலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், பேச்சு நிற்பதற்கு முந்தைய ஒரு காலை நெரிசலில் நின்ற பஸ்ஸுக்குள், மச்சான் சைட் இன்ஜினியரைக் குடும்பத்தோடு சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தான். தெளிவாகவே கேட்டது.

"இது எதுக்கு உன் போன்ல இருக்கு?" என்றான்.

சொன்னேன். பரீட்சை, முழங்கால், எல்லாவற்றையும் சொன்னேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். தச்சன் ஒருவன், நான் படிக்கிறேன் என்றால் அவன் வீட்டுப் பூனையும் படிக்கும் என்றான். அப்படியானால் இப்போதே படித்துக் காட்டச் சொன்னார்கள்.

புத்தகத்தைத் திறந்தேன். பஸ் குலுங்கியது. மங்கலான விளக்கு. எல்லாக் கண்ணும் என்மேல். ஒரு வரியைப் பிடித்து இழுத்து இழுத்து, எழுத்து எழுத்தாக முக்கினேன். பாதியில் வரியே தொலைந்துபோயிற்று.

"போன்ல இருக்கறவன் தண்ணி மாதிரி படிக்கிறான். இவன் திக்குறான். அது வேற ஆளோட குரல்" என்றான் தச்சன்.

ஒவ்வொரு வரியையும் சொல்லிச் சொல்லிப் பழகியபிறகுதான் பதிவேன் என்று விளக்கினேன். அதை விளக்க விளக்க எனக்கே அது பொய் மாதிரி இருந்தது.

அழி என்றார்கள். பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லை. பாதிப் புத்தகம் அந்தப் போனுக்குள்தான் இருந்தது. ஆனால் மச்சானின் திட்டும் அதற்குள்தான் இருந்தது. அது ஆபீசுக்குப் போனால் அவன் சோறு போகும். அவர்கள் பயந்ததில் தப்பில்லை. ஒவ்வொன்றாக அழித்தேன். மச்சான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், முன்னாடியே யாருக்காவது அனுப்பியிருந்தால் என்ன செய்வது என்றான்.

மறுநாள் காலை போனை எடுக்கவில்லை. பஸ் நெரிசலில் நின்றதும் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சத்தமாகப் படித்தேன். என்ன படிக்கிறேன் என்று எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். திக்கியது. சிரித்தார்கள். பெருங்காற்று அடித்தபிறகு சாரத்தை மறுபடி பார்க்காமல் யாரும் ஏறக்கூடாது என்ற வரி வந்தபோது, நம் சைட்டில் அப்படி யார் பார்த்தார்கள் என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். பேச்சு கிளம்பிவிட்டது. பரீட்சை வரும்வரை தினமும் அப்படித்தான். சத்தமாகப் படித்தது பதிந்ததைவிட நன்றாக நின்றது. நான் சட்டைப்பையில் கை வைக்கும்போதெல்லாம் மச்சான் கண் மட்டும் அங்கே வரும்.

தேறினேன். தேறியவர்களில் கடைசி ஆள் நான்தான். அது போதும்.

முதல் நாளே மூன்றாவது மாடிச் சாரத்தில் கைப்பிடிக் குழாய் ஒன்று இல்லை. ஜன்னல் சட்டத்தை உள்ளே வாங்குவதற்காகக் கழற்றி ஓரமாகச் சாத்தியிருந்தார்கள். அங்கே வேலை செய்துகொண்டிருந்தது மச்சான். நான் அதைப் படிவத்தில் எழுத வேண்டும், யாரும் ஏறாதபடி ஏணியில் சிவப்பு அட்டை மாட்ட வேண்டும். கையில் அட்டையைப் பார்த்ததும் முகமூடியை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தான். 'நான் அன்றைக்கே சொன்னேனே' என்ற பார்வை.

"இன்னும் யார்கிட்டயும் சொல்லல. முதல்ல உன்கிட்டதான் சொல்றேன். இறங்கு" என்றேன்.

"எழுதுவியா?"

"எழுதுவேன். குழாய் இல்லைன்னு எழுதுவேன். யார் கழட்டினாங்கன்னு அதுல கேக்கல."

அவன் கேஸை மூடிவிட்டு இறங்கினான். இரண்டு பேரும் சேர்ந்து குழாயைத் தூக்கி, பழைய இடத்தில் வைத்து முடுக்கினோம். நான் ஆட்டிப் பார்த்தேன். எனக்குப் பிறகு அவனும் ஆட்டிப் பார்த்தான்.

"நாளையிலேர்ந்து பஸ்ல என் பக்கத்துல உக்காரு" என்றான்.

சந்தோஷமாக இருந்தது. சரி என்றேன்.

"நீ பின்னாடி உக்காந்தா என்ன பண்றேன்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது."