சாம்பிராணி குடித்த லேப்டாப்

கலைமதிக்கு இரண்டு மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. முதல் தடவை நடுவிலேயே லேப்டாப் அணைந்துபோனதால், கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய இரண்டாவது வாய்ப்பு. இதுவும் போனால் அவ்வளவுதான் என்று போனில் அழுதாள். பாலக்கோட்டில் என் லேப்டாப் ரிப்பேர் கடையைச் சாத்திவிட்டு ஏரியூருக்கு வண்டியை விரட்டினேன்.

வந்ததும் இன்டர்வியூவுக்கான சாப்ட்வேரை ஏற்றினேன். தேவையில்லாமல் தானாகத் திறப்பதையெல்லாம் நிறுத்தினேன். அப்படியும் ஆமை வேகம்தான். அடியில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. பாட்டரி முழுசாக ஏறியதும் அணைத்துவிட்டு, அடிமூடியைக் கழற்றி, பாட்டரி ஒயரைப் பிடுங்கினேன். உள்ளே இருந்த குட்டி விசிறியின் இறக்கையெல்லாம் பழுப்பாக, பிசுபிசுவென்று ஒட்டடை. காற்று வெளியே போகிற ஜன்னலில் கம்பளி போல அழுக்கு அடைத்திருந்தது. மோந்து பார்த்தேன். சாம்பிராணி.

"யாருங்க இதுக்குப் புகை போட்டது?"

கலைமதியின் மாமியார் மாதம்மாள் கதவோரம் நின்றார். "நாந்தான் கண்ணு. வெள்ளி, செவ்வாய்ல மட்டும் காட்டிக்கிட்டிருந்தேன். நின்னு நின்னு போவுதுன்னு மதி அழுவுறாளே, கண்ணு பட்டிருக்கும்னு இப்ப தெனமும் காட்டுறேன்."

மருமகள் வேலைக்குப் போவது பிடிக்காமல் ஏதோ செய்திருக்கிறார் என்று அதுவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள், வாயை மூடிக்கொண்டேன். அது நிற்க நிற்க இவர் புகை போட்டிருக்கிறார். இவர் புகை போடப் போட அது நின்றிருக்கிறது.

இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் சுரண்டினேன். பிராசஸர் மேலே காய்ந்து கிடந்த, சூட்டை இழுக்கிற பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதுசு வைத்தேன். பாட்டரி ஒயரை மாட்டி, மூடியை முடுக்கி, சார்ஜரை எடுக்கும்போது மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றது.

"கரண்ட் போயிடுச்சு," என்றாள் கலைமதி. "பரவால்லக்கா, பாட்டரி புல்லாத்தான இருக்குது?"

இந்த மாடலில் பாட்டரியைப் பிடுங்கி மாட்டினால், ஒரு தடவை சார்ஜரில் கரண்ட் பாய்ந்தால்தான் முழித்துக்கொள்ளும். அதுவரை பாட்டரி நிறைந்திருந்தாலும் பிணம்தான். கரண்ட் போகுமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் பிடுங்கிய என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். "ஒரு நிமிசம் கரண்ட் கெடச்சாப் போதும். யார் வூட்லயாவது இன்வெர்ட்டர் இருக்குங்களா?"

யாரிடமும் இல்லை. லைன்மேன் போனை எடுக்கவில்லை. கலைமதி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். நான் பவர் பட்டனை வீணாக அமுக்கிக்கொண்டே இருந்தேன். தெருக்கோடியில் மேளச் சத்தம், அதற்கும் அடியில் டுப்டுப்பென்று வேறொரு சத்தம்.

"அது ஜெனரேட்டர்தானுங்களே?"

கலைமதி மாமியாரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பச்சியப்பன் மாமா செத்துட்டாரு. ஐஸ் பெட்டிக்கு வெச்சிருக்காங்க. வரப்புத் தகராறுல அவங்களும் நாங்களும் பேசறதில்ல. எழவுக்கும் போவல."

மாதம்மாள் லேப்டாப்பைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "சார்ஜர எடு."

"அத்தை, நல்ல காரியத்துக்கு முன்னால எழவு வூடு..."

"பேசாத வா."

எழவு வீட்டில் கூட்டம் விலகி வழி விட்டது. பச்சியப்பனின் மகன் மாதேஸ்வரன் எங்களையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தான். மாதம்மாள் ஐஸ் பெட்டியைப் பார்க்காமலே சொன்னார். "மருமவ வேலைக்குப் பேசணும். இதுக்கு ஒரு நிமிசம் கரண்ட் வேணும்."

அவன் ஐஸ் பெட்டி ஒயர் போன ஜங்ஷன் பாக்ஸில் ஒரு ஓட்டையைக் காட்டினான். சொருகினேன். சின்ன விளக்கு எரிந்தது. பட்டனை அமுக்கினேன். திரை வெளிச்சமானதும், அந்த இடத்தில் சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

தலைக்கு ஊற்றாமல் வீட்டுக்குள் போக முடியாது. ஊற்ற நேரமும் இல்லை. வீட்டை ஒட்டிய தக்காளிக் கொட்டகையில், காய் அடுக்குகிற பிளாஸ்டிக் கிரேடைக் கவிழ்த்துப் போட்டுக் கலைமதியை உட்கார வைத்தேன். போனிலிருந்து நெட். அவள் வணக்கம் சொல்லும்போது மேளம் காதைப் பிளந்தது. மாதம்மாள் மறுபடி எழவு வீட்டுப் பக்கம் ஓடினார். கொஞ்ச நேரத்தில் மேளம் நின்றது.

அவள் பேசி முடிக்கும்வரை என் கை லேப்டாப்பின் ஓரத்திலேயே இருந்தது. சூடான காற்று தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. அடுத்த சுற்றுக்குக் கூப்பிடுகிறோம் என்றார்கள். அவள் மூடியதும் நான் கையைக் காட்ட, தெருமுனையில் பார்த்துக்கொண்டிருந்த மாதேஸ்வரன் மேளக்காரர்களுக்குத் தலையசைத்தான்.

மாதம்மாள் வரவில்லை. தேடிப்போனோம். ஐஸ் பெட்டியின் தலைமாட்டில், செத்தவரின் மனைவி தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கலைமதியைக் கண்டதும் கண்ணைத் துடைத்தார்.

"நின்னு போச்சா?"

"நிக்கல அத்தை."

"அப்ப நீ போய்த் தலைக்கு ஊத்திக்க," என்றார். "எடுக்கற வரைக்கும் நான் இங்கதான் இருக்கோணும். மேளத்த நிறுத்தச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போனா நல்லாருக்காது."