ஐந்து மாதம் காணோம்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை பார்ப்பவளை எல்லோரும் பேக்கிங் அக்கா என்றே கூப்பிடுவார்கள். மாமியாருக்கு இடுப்பு ஆபரேஷன். முன்பணம் கட்ட பி.எஃப். கணக்கில் எவ்வளவு தேறும் என்று பார்க்க பாஸ்புக்கைப் பிரிண்ட் எடுத்து வந்தாள்.

சாப்பாட்டு மேசையில் சம்பளச் சீட்டுகளைப் பரப்பி ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தாள். சம்பளம் பதினாலாயிரம். அவள் பங்கு ஆயிரத்து அறுநூற்று எண்பது. கம்பெனியும் அதே அளவுதான் போடுகிறது. ஆனால் அதில் ஆயிரத்து நூற்று அறுபத்தாறு பென்ஷன் கட்டத்துக்குப் போய்விட, கம்பெனி பங்கு என்ற கட்டத்தில் ஐந்நூற்றுப் பதினாலுதான். அதெல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் ஜூனுக்குப் பிறகு வரியே இல்லை. சீட்டில் ஐந்து மாதமும் பிடித்தம் பளிச்சென்று இருந்தது.

கணக்குப் பிரிவில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "வட்டி கூடத்தான் இன்னும் ஏறலை. எல்லாம் லேட்டா வரும்மா."

இரண்டாம் முறை போனபோது, "சிஸ்டம் வேலை செய்யலை" என்றார். மூன்றாம் முறை போனபோது நாற்காலியே காலியாக இருந்தது.

அரை நாள் லீவு போட்டு பி.எஃப். அலுவலகத்துக்குப் போனாள். கவுன்டரில் இருந்த அம்மா பேனா முனையால் தாளைத் தட்டினார்.

"வட்டிய நாங்க வருஷத்துக்கு ஒரு தடவை போடுவோம். லேட்டா ஏறினாலும் மார்ச் முடிவுக் கணக்குலதான் சேரும், உங்களுக்கு நஷ்டமில்லை. அது வேற, இது வேற. பிடிச்ச காச அடுத்த மாசம் பதினஞ்சுக்குள்ள கம்பெனி கட்டணும். இந்தத் தேதிய பாருங்க."

பார்த்தாள். போன வருடமும் மே மாதக் காசு செப்டம்பரில்தான் வரவாகியிருந்தது. இத்தனை நாள் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்தோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"அப்ப என் காச அவங்க வச்சுக்கிட்டிருக்காங்களா?"

"எழுத்துல கொடுங்க. சம்பளச் சீட்டு நகலும் வேணும்."

ஜெராக்ஸ் கடையில் கரண்டு இல்லை. திரும்பி வருவதற்குள் கவுன்டரை மூடிவிட்டார்கள். மறுநாள் புகாரைக் கொடுத்துவிட்டு வர இன்னொரு அரை நாள் சம்பளம் போயிற்று.

ஐந்து மாதக் காசும் வராததால், ஆபரேஷனுக்குத் தம்பியிடம் கை நீட்ட வேண்டியதாயிற்று. "திருப்பிக் கேக்க மாட்டேன்க்கா" என்று அவன் சொன்னது இன்னும் குத்தியது.

மூன்று வாரம் கழித்து ஜூலையும் ஆகஸ்டும் பாஸ்புக்கில் ஏறின. கணக்குப் பிரிவுக்காரர் வழிமறித்தார். "வந்துருச்சுல்ல? எதுக்கு பி.எஃப். ஆபீஸ் வரைக்கும் போனே?"

"ரெண்டு மாசம் வந்துருக்கு சார். மூணு எங்க?"

"பொறுமையா இரும்மா."

அன்று மதியம் அவள் பேக்கிங் பிரிவில் இருந்த எட்டுப் பேரின் பாஸ்புக்குகளையும் வாங்கி, வரவான தேதிகளைச் சிவப்பு மையால் கோடிட்டாள். எட்டிலும் அதே மூன்று மாதம் காணோம். புதுப் புகார்க் காகிதத்தை நடுவில் வைத்து, "கையெழுத்துப் போடுங்கடி" என்றாள். ஐந்து பேர் போட்டார்கள். மூன்று பேர் வேலை போய்விடுமென்று எழுந்து போய்விட்டார்கள். அந்த ஐந்து கையெழுத்தோடு பி.எஃப். அலுவலகத்துக்குப் போக மறுபடியும் அரை நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்தாள்.